மணிச் சத்தத்துக்குப் பிறகு 22 நிமிடங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியர். 26 ஆண்டுகளாக இதே வேலை. இது எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு மாணவியைப் பற்றியது. ஒன்றரை மாத இடைவெளியில் இரண்டு முறை அவள் ஒரு பெரியவரின் தவறுக்கு முன்னால் நின்றாள். முதல் முறை தவறு செய்தவன் நான். அவள் வாய் திறந்தாள், நான் தண்டித்தேன். இரண்டாம் முறை தவறு செய்தவர் அவளுடைய பாட்டா, அப்பாவைப் பெற்ற தாத்தா. அப்போது 22 நிமிடம் அவரிடம் அவள் வாய் திறக்கவே இல்லை. அத்தனை நேரமும் அவளுடைய அப்பா பாம்பு கடித்த காலோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

இந்த இரண்டும் தனித்தனிச் சம்பவங்கள் என்று முதலில் நினைத்தேன். விசாரித்துப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அந்தக் குடும்பத்தாரிடம் படித்துக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையை மாற்றவில்லை.

கரும்பலகையில் ஐந்து தாலுகா

நவம்பர் 1 எங்கள் மாவட்டத்துக்கு முக்கியமான நாள். 1956-இல் அந்த நாளில்தான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தோம். ஆண்டுதோறும் பள்ளியில் பேச்சுப் போட்டி வைப்போம். அதற்காக அக்டோபர் கடைசி வாரத்தில் எட்டாம் வகுப்புக்குக் குறிப்பு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். "அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து தாலுகாக்களைக் கொண்டு கன்னியாகுமரி மாவட்டம் உருவானது" என்று எழுதினேன். பல ஆண்டுகளாக அப்படித்தான் எழுதிவருகிறேன்.

மூன்றாம் பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள். "சார், நாலு தாலுகாதானே? செங்கோட்டை நம் மாவட்டத்தில் சேரவில்லை என்று பாட்டா சொன்னார். அது தென்காசி மாவட்டம் சார்."

அவள் சொன்னது சரி. குமரி மாவட்டம் உருவானது நான்கு தாலுகாக்களைக் கொண்டுதான். செங்கோட்டையும் அதே நாளில் சென்னை மாநிலத்துக்கு வந்தது உண்மை. ஆனால் அது திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. மாநிலத்துக்கு வந்தவற்றையும் மாவட்டத்தில் சேர்ந்தவற்றையும் நான் ஒன்றாகக் குழப்பியிருந்தேன். இந்தக் குழப்பம் எனக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது நாங்கள் தெய்வமாக மதித்த ஒரு வாத்தியார் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னதை எந்தப் புத்தகத்திலும் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சரிபார்ப்பது அவரைச் சந்தேகிப்பது போல இருந்திருக்கும்.

அந்த நிமிடம் நான் செய்ததைத்தான் இந்த ஆய்வில் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அவள் வாக்கியத்தில் ஒரு சின்னப் பிழை இருந்தது. தென்காசி மாவட்டம் பிறந்தது 2019-இல். 1956-இல் அப்படி ஒரு மாவட்டமே இல்லை. இன்றைய வரைபடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பிள்ளை சொல்லிவிட்டாள். நான் அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டேன். "1956-இல் தென்காசி மாவட்டம் எங்கே இருந்தது? தெரியாமல் பேசக் கூடாது. உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவளுடைய பெரிய உண்மை அந்தச் சின்னப் பிழைக்கு அடியில் புதைந்துபோனது. புதைத்தது நான் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். செங்கோட்டை என்ற பெயரை அவள் சொன்னபோதே ஏதோ இடித்தது. நின்று யோசிக்க மனம் வரவில்லை. 38 பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் உட்காரவில்லை. "புத்தகத்தைப் பாருங்கள் சார்" என்றாள். குரல் உயர்ந்திருந்தது, அழுகை முட்டியிருந்தது. அதை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். வராந்தாவில் போய் நிற்கச் சொன்னேன். அங்கே சுவரில் "மூத்தோர் சொல் வார்த்தை அமிர்தம்" என்று நீலப் பெயின்டில் எழுதியிருக்கும். அந்தப் பாடவேளை முடியும் வரை அதன் கீழே நின்றாள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், பிள்ளையை அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை. மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. பயிற்சிக் கூட்டங்களில் இதைப் பலமுறை கேட்டவன் நான்.

பாட்டா பள்ளிக்கு வந்தார்

மறுநாள் வீட்டிலிருந்து யாராவது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அப்பாவுக்குக் காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டு வேலை, அதனால் பாட்டா வந்தார். எண்பதை நெருங்கும் வயது. வெள்ளை வேட்டி, தோளில் துவர்த்து. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். செங்கோட்டை விஷயத்தையும் சொன்னேன். அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு பேத்தியின் பக்கம் திரும்பி, "மக்களே, சாரிடம் மன்னிப்புக் கேள். பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது" என்றார். அவள் கேட்டாள். நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

அந்த ஒரு நொடியில் அவர் என்ன நினைத்தார் என்பதைச் சில மாதம் கழித்து அவரே சொன்னார். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவர் எட்டு வயதுப் பையன். அவருடைய அப்பா, தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்ட இணைப்புப் போராட்டத்தில் அலைந்தவர். எந்தத் தாலுகா கிடைத்தது, எது கிடைக்காமல் போனது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போன வருத்தம் எல்லாம் அந்த வீட்டில் சோற்றோடு சேர்த்துப் பேசப்பட்டவை. நான் சொன்னது தவறு என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். "வாத்தியார் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது சார்? மாதா, பிதா, குரு என்றுதானே படித்தோம்" என்றார்.

பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். செங்கோட்டையைப் பற்றி அவளுக்குச் சொன்னவரே பாட்டாதான். அவரே இப்போது மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். சரியாகச் சொன்னாலும் பெரியவர் முன் சொன்னால் தவறு என்பதைத் தவிர வேறு எதை அவள் கற்றுக்கொண்டிருக்க முடியும்? அன்று மாலை அப்பாவும் தன் பங்குக்குச் சொல்லியிருக்கிறார்: "வீட்டிலும் வெளியிலும் பெரியவர்கள் ஒன்று சொன்னால் மறுபேச்சு வேண்டாம்."

டிசம்பர் முதல் வாரம், விடியற்காலை

மழை விட்டிருந்த ஒரு நாள். அப்பா நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு ஐந்து மணிக்கு முன்பே தோட்டத்துக்குப் போயிருந்தார். மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டையைச் சரிசெய்யக் குனிந்தபோது சருகுக்குள் கால் வைத்தார். கணுக்காலுக்குச் சற்று மேலே கடி. சுருண்டிருந்த தடித்த உடலையும் அதன் மேல் சங்கிலி போன்ற வட்டங்களையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணாடி விரியன். வீட்டுக்கு நடந்தே வந்தார். அதுவும் தவறுதான், அசைந்தால் விஷம் வேகமாகப் பரவும். ஆனால் அந்த இருட்டில் தனியாக இருந்த மனிதரிடம் அதை எப்படிக் குறை சொல்வது?

பாட்டா ஆட்டுக் கயிற்றை எடுத்துவந்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். துவர்த்தைக் கிழித்துக் கணுக்காலுக்கு மேல் இன்னொரு கட்டு. பக்கத்து வீட்டுப் பையனை விஷ வைத்தியரை அழைத்து வர அனுப்பினார். அவர் வரும் வரை காத்திருப்பது என்று முடிவானது. பிளேடால் கடிவாயைக் கீறி ரத்தத்தை வெளியேற்றலாம் என்றும் சொன்னார். அவருடைய அப்பா காலத்தில் அப்படித்தான் செய்தார்களாம்.

செப்டம்பர் மாதம் எங்கள் பள்ளிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்து முதலுதவி பற்றிப் பேசியிருந்தார்கள். கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, கடிபட்ட காலை ஆட்டாமல் வைத்து 108-க்குப் போன் செய்ய வேண்டும். அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பாட்டா கயிற்றை எடுத்தபோதே அந்தப் பக்கம் கண்ணுக்குள் வந்துவிட்டது என்றாள். ஆனால் பேசவில்லை.

எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாள்? இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு மிகவும் பாடுபட வேண்டியிருந்தது. பாட்டாவைக் கேட்டால் ஐந்து நிமிடம் என்றார். அவளைக் கேட்டால் அரை மணிக்கு மேல் என்றாள். அம்மாவுக்குக் கணக்கே இல்லை. ஆனால் முதல் கட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது கோயில் மணி அடித்ததை மூன்று பேருமே சொன்னார்கள். பக்கத்து மாதா கோயிலில் காலை மணி அடிப்பது ஐந்தரைக்கு. அவள் 108-ஐ அழைத்தது அப்பாவின் போனிலிருந்து. அதில் 5:52 என்று பதிவாகியிருந்தது. ஆக 22 நிமிடம்.

அந்த 22 நிமிடத்தில் அவள் சும்மா இருக்கவில்லை. முதலில் அடுக்களைக்குப் போய் அம்மாவிடம், "கட்டக் கூடாது என்று ஸ்கூலில் சொன்னார்கள் அம்மா" என்றாள். அம்மா வாயில் விரலை வைத்து, "மாமாவுக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்றார். திரும்ப வந்து திண்ணை ஓரம் நின்றாள். அப்பாவின் கால் வீங்குவதைப் பார்த்தாள். உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தாள், திறந்து காட்டத் துணியவில்லை. பாட்டா பிளேடு கேட்டபோதுதான் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

போனைக் கொடுத்த விதம்

அவள் 108-இல் பேசியவரிடம் இடத்தையும் நடந்ததையும் சொல்லியிருக்கிறாள். கட்டைத் தானே ஓடிப்போய் அவிழ்த்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். வேண்டாம் என்று பதில் வந்தது. இறுக்கமாகக் கட்டியதைத் திடீரென்று அவிழ்த்தால், கட்டுக்குக் கீழே தேங்கியிருக்கும் விஷம் ஒரே வீச்சில் உடலுக்குள் பாயும். மருந்து கையில் இருக்கும் இடத்தில், டாக்டர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும். கட்டியது தவறு. கட்டிய பிறகு அவசரப்பட்டு அவிழ்ப்பதும் தவறு. வகுப்பில் கேட்ட பாடத்தில் முதல் பாதிதான் அவளிடம் இருந்தது. பாட்டாவோடு சண்டை போட்டு அவள் ஜெயித்திருந்தால் கயிற்றை அவிழ்த்திருப்பாள்.

பிறகு அவள் பாட்டாவிடம் போனாள். "நீங்கள் கட்டியது தப்பு" என்று சொல்லவில்லை. போனை அவர் காதருகே நீட்டி, "பாட்டா, ஆம்புலன்ஸில் இருந்து பேசுகிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சரியாகப் புரியவில்லை, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்" என்றாள்.

பாட்டா கேட்டார். மறுமுனையில் இருந்தவர் நான்கு விஷயம் சொல்லியிருக்கிறார்: கீற வேண்டாம், இனிமேல் புதிதாகக் கட்ட வேண்டாம், போட்ட கட்டைத் தொட வேண்டாம், ஆளை நடக்க விடாமல் படுக்க வையுங்கள். பாட்டா பிளேடைத் திண்ணையில் வைத்துவிட்டு மகனைத் தாமே தாங்கிப் படுக்க வைத்தார். வைத்தியருக்காகக் காத்திருக்கும் பேச்சும் அதோடு முடிந்தது.

வண்டி ஆறரைக்கு முன்பே வந்துவிட்டது, ஏழு மணி வாக்கில் அரசு மருத்துவமனை. அங்கே சிறிதளவு ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். பிறகு சாய்த்துப் பார்த்தபோது ரத்தம் உறையாமல் தண்ணீர் போல ஓடியது. விரியனின் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுக்கும், அதைக் கண்டுபிடிக்கும் எளிய சோதனை இது. விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கிய பிறகு கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். ஆறு நாளில் வீடு திரும்பினார். கயிறு அழுத்திய இடத்தில் தோல் கறுத்துப் புண்ணாகி, அது ஆற மேலும் ஐந்து வாரம் ஆனது. டாக்டர் அந்தப் புண்ணைக் காட்டி, "இது பாம்பு செய்தது இல்லை" என்று பாட்டாவிடம் சொல்லியிருக்கிறார்.

எங்கே தவறினோம்

22 நிமிடம் தாமதித்ததற்காக அந்தப் பிள்ளையை யாரும் குறை சொல்ல முடியாது. பதின்மூன்று வயது. அவளை அந்த இடத்தில் கட்டிப்போட்டவர்கள் மூன்று பெரியவர்கள், அவர்களில் முதல் ஆள் நான். "ஏன் உடனே சொல்லவில்லை?" என்று கேட்டபோது, "சொன்னால் முதலில் என்னைத்தான் திட்டுவார்கள், அதற்குள் நேரம் போய்விடும் என்று நினைத்தேன் சார்" என்றாள். என் வகுப்பறை அனுபவத்திலிருந்து அவள் போட்ட கணக்கு அது, தப்பில்லாத கணக்கு.

மரியாதை என்ற பெயரில் நானும் பாட்டாவும் அவளும் கொடுத்தது மௌனத்தை. நான் என் வாத்தியாருக்குக் கொடுத்த மௌனம் ஒரு தவறான வாக்கியமாகப் பல ஆண்டுகள் என் கரும்பலகையில் நின்றது. பாட்டா எனக்குக் கொடுத்த மௌனம் அவருடைய பேத்தியின் வாயைக் கட்டியது. அவள் பாட்டாவுக்குக் கொடுத்த மௌனம் கிட்டத்தட்ட ஓர் உயிரைக் கேட்டது. பெரியவர்களிடம் பணிவு வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த நம் மரபே கேள்வி கேட்பதையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தது. மாணவன் எப்படிக் கற்க வேண்டும் என்று நன்னூல் வரிசைப்படுத்தும்போது, ஆசிரியரைச் சார்ந்து கேட்டல் என்பதோடு வினாதலையும், வினவியவற்றுக்கு விடை கூறுதலையும் சேர்த்து, இவற்றைக் கடனாகக் கொள்ள வேண்டும் என்கிறது. கடன் என்ற சொல்லை நான் கவனித்ததே இல்லை. ஆசிரியரின் மனநிலை நன்றாக இருக்கும் நாளில் மட்டும் கிடைக்கும் சலுகை அல்ல அது. வராந்தாச் சுவரில் நாங்கள் எழுதியது ஒரு பாதி மட்டும்.

இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவள் பேசிய விதத்தில் ஒரு வித்தியாசம் தெரிகிறது. வகுப்பில் அவள் சொன்னது தீர்ப்பு: நாலுதான், ஐந்து இல்லை. அதில் ஒரு சின்னப் பிழை இருந்ததால் நான் மொத்தத்தையும் தள்ளிவிட முடிந்தது. திண்ணையில் அவள் கொண்டுவந்தது தன் தீர்ப்பை அல்ல, மூன்றாவது ஒருவரின் குரலை. பாட்டா பேத்தியிடம் தோற்கவில்லை, தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொண்டார். கட்டைப் பற்றிய அவளுடைய அரைகுறை அறிவும் அந்தப் போனிலேயே திருத்தப்பட்டுவிட்டது. பெரியவரும் சிறியவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றால் அங்கே யார் பெரியவர் என்ற கேள்விதான் முன்னால் வரும். இருவரும் சேர்ந்து ஒரு புத்தகத்தையோ வரைபடத்தையோ டாக்டரையோ பார்த்தால் எது சரி என்ற கேள்வி வரும். "புத்தகத்தைப் பாருங்கள் சார்" என்று அன்று அவள் சொன்னதும் இதே வழிதான். அந்த வழியை அடைத்தவன் நான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்குப் பேசும் விதத்தைக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று சக ஆசிரியர்கள் சிலர் இதைப் புரிந்துகொண்டார்கள். அது பாரத்தைப் பிள்ளைகள் தலையில் இறக்கி வைப்பது. முற்றத்தில் உயிர் போகும் நேரத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்ததே ஒரு கொடுமை. அவள் வெறுமனே "கட்டாதீர்கள் பாட்டா!" என்று கத்தியிருந்தாலும் அது மரியாதைக் குறைவு ஆகாது. தாலுகாக் கணக்கு வகுப்பு முடியும் வரை காத்திருக்கும். பாம்பு விஷம் காத்திருக்காது. தவறு யாரை, எத்தனை நேரத்தில் பாதிக்கும் என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு மெதுவாகச் சொல்லலாம் என்பது.

பிறகு செய்தவை

ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த முதல் நாள், அதே எட்டாம் வகுப்பில் அதே வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினேன். பழைய பாடப்புத்தகம் ஒன்றையும் மாவட்ட வரைபடத்தையும் கொண்டுபோயிருந்தேன். ஐந்து என்பதை அடித்து நான்கு என்று எழுதினேன். அன்று அவள் சொன்னது சரி, நான் சொன்னது தவறு, வெளியே நிறுத்தியது அதைவிடப் பெரிய தவறு என்று அவள் பெயரைச் சொல்லிச் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது. 38 பேர் முன்னால் சிரிக்க வைத்ததை இரண்டு பேர் மட்டும் இருக்கும் அறையில் திருப்பித் தர முடியாது.

மூன்று வாரம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நம்பவில்லை, அவ்வளவுதான். நான்காவது வாரம் ஒரு பையன் மதிப்பெண் கூட்டலில் இரண்டு குறைவதைக் காட்டினான். பிறகு வரத் தொடங்கியது. தொல்லையும் வந்தது. சில பையன்கள் வேண்டுமென்றே இடைமறித்தார்கள். கேள்வியையும் சீண்டலையும் பிரித்துப் பார்ப்பது நான் பயந்த அளவு கடினமில்லை. கேட்கிறவன் பதிலுக்குக் காத்திருப்பான், அவன் கண் என் மேலோ புத்தகத்தின் மேலோ இருக்கும். சீண்டுகிறவன் கேட்டு முடிப்பதற்குள் நண்பர்களைத் திரும்பிப் பார்த்துவிடுவான்.

இந்த ஆய்வுக்கு ஓர் எல்லை உண்டு, அதை ஆசிரியர்கள் மறந்துவிடக் கூடாது. நானும் பாட்டாவும் தெரியாமல் தவறு செய்தவர்கள். தெரிந்தே தவறு செய்யும் பெரியவரிடம் போனை நீட்டுவதும் பணிவாகக் கேட்பதும் பயன்படாது, ஆபத்தும்கூட. உடம்பைத் தொடுகிறவர், குடித்துவிட்டு அடிக்கிறவர், பிள்ளையை வைத்துப் பொய் சொல்ல வைக்கிறவர் ஆகியோரிடம் கேள்வி கேட்கும் கடமை எந்தப் பிள்ளைக்கும் இல்லை. அங்கிருந்து விலகி, நம்பும் ஒருவரிடம் சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம், பள்ளிக் கல்வித் துறையின் 14417-ஐயும் அழைக்கலாம். தெரியாமல் தவறியவரையும் தெரிந்தே செய்கிறவரையும் எப்படிப் பிரித்தறிவது என்று பிள்ளைகள் கேட்டார்கள். தெரியாமல் தவறியவர் கோபப்படலாம், திட்டவும் செய்யலாம். ஆனால் "யாரிடமும் சொல்லாதே" என்று சொல்ல மாட்டார். தெரிந்தே செய்கிறவரிடம் பெரும்பாலும் முதலில் வருவது அந்த வார்த்தைதான்.

பிப்ரவரியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இலையுதிரும் காலம், பால் வெட்டு நின்றிருந்தது. அப்பா முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்திருந்தார். பாட்டா கட்டன் காப்பி தரச் சொன்னார். "அன்றைக்கு உங்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டும் சார்" என்று அவராகவே தொடங்கினார். நானும் என் பங்கைச் சொன்னேன். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் பாட்டாவின் ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டை அவள்தான் படித்துச் சொல்கிறாளாம், அவர் ஒன்றை விட்டால் கேட்கிறாளாம். அவர் முணுமுணுத்துக்கொண்டு போட்டுக்கொள்கிறார்.

கிளம்பும்போது அடுக்களை வாசலில் அம்மா நின்றார். அன்று காலையில் அவருக்கும் சந்தேகம் இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார். அவருடைய தம்பியைப் பாம்பு கடித்தபோது இதே போலக் கட்டுப் போட்டு வைத்திருந்து தாமதமான கதையை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். மகளுக்கு முன்பே அவருக்குத் தெரியும். "இனிமேல் மாமாவிடம் நீங்களே சொல்வீர்களா?" என்று கேட்டேன். திண்ணைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவள் பேத்தி சார், கேட்கலாம். நான் மருமகள்."

அவருக்குச் சொல்ல என்னிடம் அப்போது பதில் இல்லை. இப்போதும் இல்லை.